தனி ஊசல் அட்டவணை: ‘±’ நிரலுக்கு என்ன தலைப்பு?

சு.மா., திருவாரூர்:

அனைவருக்கும் வணக்கம். பதினோராம் வகுப்பு இயற்பியல் செய்முறைக்கு ஒரு கையேடு தயாரிக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். தனி ஊசல் சோதனையின் காட்சிப் பதிவு அட்டவணையில் ஒரு சொல் கிடைக்காமல் நிற்கிறது.

பழைய அட்டவணையில் ஊசலின் நீளம், 20 அலைவுகளுக்கான நேரம் (முயற்சி 1, முயற்சி 2, சராசரி), அலைவுக் காலம், அவ்வளவுதான். அந்தச் சராசரியை எவ்வளவு நம்பலாம் என்று சொல்ல இடமே இல்லை. இந்த முறை ஐந்து முயற்சிகள் வைத்து, சராசரிக்குப் பக்கத்தில் ‘±’ போட்டு ஒரு நிரல் சேர்த்திருக்கிறேன். அதற்குத் தலைப்பு ‘பிழை’ என்று எழுதினேன். ஒரு மாணவி, “மிஸ், நான் தப்பே பண்ணலையே, இதுல என்னத்த எழுதுறது?” என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. ‘நிச்சயமற்ற தன்மை’ என்று போடலாம் என்றால் நிரலின் அகலம் இரண்டு செ.மீ. தான்.

80.0 செ.மீ. நீளத்துக்கு அவள் எடுத்த அளவுகள் இவை. அலகைத் தலைப்பிலேயே போட்டுவிட்டேன். இல்லாவிட்டால் ஒரு கட்டத்தில் ‘வி’, அடுத்ததில் ‘வினாடி’, அதற்கடுத்ததில் ஒன்றுமில்லாமல் எழுதுகிறார்கள்.

| முயற்சி | 20 அலைவுகளுக்கான நேரம் (வி) |
|---|---|
| 1 | 35.87 |
| 2 | 36.04 |
| 3 | 35.91 |
| 4 | 36.12 |
| 5 | 35.81 |
| சராசரி | 35.95 |

செ.ப., மதுரை:

அம்மா, இதற்கு ஏன் புதுச்சொல்? நான் வேதியியல் ஆசிரியை. பியூரெட்டில் 0.1 மி.லி. கோடுகள் இருக்கும், கண்ணால் அதில் பாதி வரை படிக்கலாம். ஆக ±0.05 என்று எழுதுவோம். உங்கள் நிறுத்துக் கடிகாரம் 0.01 வினாடி காட்டினால் அதில் பாதி, ±0.005. தலைப்பு ‘மீச்சிற்றளவில் பாதி’. பாடநூலில் இருக்கும் சொல்தான், பிள்ளைகளுக்கும் பழக்கம்.

இன்னொன்று. தரம்பார்த்தலில் நாங்கள் எல்லா அளவுக்கும் சராசரி எடுப்பதில்லை. ஒத்து வரும் வரை திரும்பத் திரும்பச் செய்து ‘ஒத்த மதிப்பு’ என்று எழுதுவோம். ஊசலுக்கும் அப்படிச் செய்தால் என்ன?

வே.ரா., கோயம்புத்தூர்:

நான் அளவுக் கருவிகளைச் சரிபார்த்துச் சான்றிதழ் தரும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க இந்த ‘±’ தான் என் பிழைப்பு. ஆய்வகத்தில் ‘அன்சர்ட்டன்ட்டி’ என்றே சொல்கிறோம், அதனால் இந்த விவாதத்தால் எனக்கும் பயன் உண்டு.

செ.ப. அம்மா சொல்வது பியூரெட்டுக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஊசலுக்குப் பொருந்தாது. கடிகாரம் 0.01 வினாடி காட்டுகிறது, சரி. ஆனால் அதை அமுக்குவது மாணவியின் விரல். ஊசல் நடுக்கோட்டைக் கடப்பதைக் கண் பார்த்து, விரல் அமுக்குவதற்குள் நேரம் முன்னே பின்னே ஆகிவிடும். அட்டவணையைப் பாருங்கள்: 35.81-லிருந்து 36.12 வரை 0.31 வினாடி சிதறியிருக்கிறது. இதற்கு ±0.005 என்று எழுதினால், கடிகாரத்தின் நுட்பத்தை மாணவியின் கையில் ஏற்றிவிடுகிறோம். ‘ஒத்த மதிப்பு’ தேடுவதும் இங்கே ஆபத்து. ஒத்து வராத 36.12-ஐ எறியச் சொன்னால், சிதறலை மறைக்கத்தான் கற்றுக்கொள்வார்கள்.

கணக்கு எளிதுதான். சராசரியிலிருந்து விலகல்கள் −0.08, 0.09, −0.04, 0.17, −0.14. வர்க்கங்களின் கூடுதல் 0.0646. அதை 4-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.13 வினாடி. இது ஒரு தனி அளவின் சிதறல். ஐந்தின் சராசரிக்கு √5-ஆல் வகுக்க வேண்டும்: 0.06 வினாடி. ஆக 35.95 ± 0.06 வி. இதிலிருந்து g = 4π²l/T² போட்டால் 9.77 வருகிறது. நீளத்தில் 0.1 செ.மீ. சேர்த்துக்கொண்டால் ± 0.03. நம் பக்கத்து மதிப்பு 9.78 அதற்குள் அடங்குகிறது. நல்ல சோதனை, அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்.

இனி, ‘பிழை’ ஏன் கூடாது என்பதற்கு ஓர் உதாரணம். ஊசலை விட்டதும் ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கும் பிள்ளைகள் உண்டு. ‘சுழி’ என்று தொடங்க வேண்டும். ஒன்றில் தொடங்கினால் இருபது என்று சொல்லும்போது 19 அலைவுகள்தான் முடிந்திருக்கும். ஐந்து முறையும் அப்படியே எண்ணினால் சராசரி 34.15, சிதறல் அதே அளவுதான், ±0.06. அட்டவணை பார்க்க அழகாக இருக்கும், g மட்டும் 10.83 என்று வரும். அங்கே ± சிறியது, பிழை பெரியது. இரண்டும் வேறு வேறு. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

ந.கு., சிதம்பரம்:

அன்பர் கேட்கும் இரண்டு சொற்களும் நம்மிடம் என்றைக்கோ இருக்கின்றன. ‘ஐயம் திரிபு அற’ என்று எல்லோரும் எழுதுகிறோம். ஐயம் வேறு, திரிபு வேறு என்று யாரும் நின்று பார்ப்பதில்லை.

அந்தி நேரத்தில் தூரத்தில் ஓர் உரு தெரிகிறது. ‘குற்றியோ, மகனோ’ என்று மனம் நிலைகொள்ளாமல் இருப்பது ஐயம். கட்டையை மனிதன் என்றே முடிவுகட்டி வணக்கம் சொல்வது திரிபு. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ‘ஐயக் கிளவி’ என்றே சொல்கிறார். ஐயப்படுபவன் தவறு செய்யவில்லை. தன் அறிவின் எல்லையை ஒப்புக்கொள்கிறான், அவ்வளவே. அந்த மாணவியின் 0.06 ஐயம். பத்தொன்பதை இருபது என்று எண்ணிய பிள்ளையினுடையது திரிபு. அவனுக்கு ஐயமே இல்லை, அதுதான் சிக்கல்.

‘ஐ’ என்பதற்கு வியப்பு என்றும் பொருள் உண்டு. வியப்பிலிருந்து ஐயம் பிறந்ததா என்று நெடுநாளாக யோசிக்கிறேன். ‘ஐயமிட்டு உண்’ என்னும்போது அது இரப்போர்க்கு இடும் பிச்சை. இவற்றுக்குள் உறவு உண்டா என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

சு.மா.:

ஐயா, படித்ததும் சிலிர்த்தது. ஆனால் ‘திரிபு’ என் வகுப்பில் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. கம்பியை இழுத்தால் வருவது தகைவும் திரிபும். அதே ஆண்டு, அதே பாடம். பிழையைப் பிழை என்றே வைத்துக்கொள்கிறேன். ‘ஐயம்’ மட்டும் எடுத்துக்கொள்ளவா?

க.தே., சென்னை:

இவ்வளவு பேச வேண்டியதே இல்லை. ஹைசன்பர்க் கோட்பாட்டுக்கு ‘நிச்சயமற்ற தன்மை’ என்று பாடநூலில் இருக்கிறது. ஒரே ஆங்கிலச் சொல், ஒரே தமிழ்ச் சொல். முடிந்தது.

வே.ரா.:

க.தே. அண்ணா, அது எலக்ட்ரானின் இடமும் உந்தமும் சேர்ந்து கட்டுப்படும் கதை. எவ்வளவு நல்ல கருவி வந்தாலும் அது போகாது. ஊசலில் உள்ளதோ இன்னும் பத்து முறை அளந்தால் குறையும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், விரல் தாமதத்தைக் குவாண்டம் விளைவு என்று ஒரு பிள்ளை விடைத்தாளில் எழுதும்.

பொ.இ., சேலம்:

‘நிச்சயம்’ வடசொல், அது போகட்டும். ‘சராசரி’யை ஏன் ஒருவரும் கேட்கவில்லை? அது பாரசீகம், உருது வழியாக வந்தது. நாம் ‘சரி’யோடு சேர்த்துத் தமிழ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டுச் சமன் செய்வதை நிரவுதல் என்கிறோம். சராசரி செய்வதும் அதைத்தானே? ‘நிரவல்’ என்று போடுங்கள். வினாடிக்கு ‘நொடி’ இருக்கிறது.

அ.சி., யாழ்ப்பாணம்:

வணக்கம். எங்கட பள்ளிகளில் சராசரி என்றும் இடை என்றும் சொல்வோம், வினாடி செக்கன், பிழை வழு, மீச்சிற்றளவு இழிவெண்ணிக்கை, தனி ஊசல் எளிய ஊசல். இலக்கணத்தில் வழு என்பது செய்தவன் குற்றம் மாத்திரம் இல்லை, ‘வழுவமைதி’ என்று ஏற்றுக்கொள்ளும் இடமும் உண்டு. அதனால் எங்கட பிள்ளைகளுக்கு ‘சதவீத வழு’ என்றால் மனம் நோவதில்லை. ஆனால் வே.ரா. சொன்ன பத்தொன்பது அலைவு விஷயத்தை ‘வழு’ என்ற சொல்லும் பிரித்துக் காட்டாது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

பொ.இ. ஐயா, இப்போது அட்டவணையைத் தொட்டால் கடலுக்கு இரு பக்கமும் ஒரே சொல்லாக வரவேண்டும் என்பது என் ஆசை. நிரவல் மூன்றாவதாகப் போய்விடும்.

சு.மா.:

நிரவல் அழகான சொல். ஆனால் தேர்வுத்தாளில் சராசரி என்றுதான் வரும், கையேட்டில் மாற்ற எனக்குத் துணிவில்லை. நிரலுக்கு ‘ஐயவரம்பு’ என்று போடலாமா? வெறும் ‘ஐயம்’ என்றால், “உனக்கு என்ன ஐயம்?” என்று கேட்பது போல இருக்கிறது.

வே.ரா.:

வரம்பு வேண்டாம் அம்மா. வரம்பு என்றால் தாண்டக் கூடாதது. 35.95 ± 0.06 என்றால் 35.89-லிருந்து 36.01 வரை. உங்கள் மாணவியின் ஐந்து அளவுகளில் நான்கு அதற்கு வெளியே இருக்கின்றன. 35.91 ஒன்றுதான் உள்ளே. ‘வரம்பு’ என்று எழுதினால் மற்ற நான்கையும் தப்பு என்று அடித்துவிடுவாள். 0.06 என்பது சராசரியைப் பற்றிய ஐயம், தனி அளவுகளுக்குப் போட்ட வேலி இல்லை. சராசரிக்கும்கூட அது உத்தரவாதம் தருவதில்லை. எங்கள் சான்றிதழில் அதை இரண்டால் பெருக்கி, ‘ஏறக்குறைய 95 விழுக்காடு நம்பிக்கை’ என்று எழுதித்தான் கொடுப்போம். ‘ஐய அளவு’ என்று வையுங்கள். அளவுதான் அது.

ந.கு.:

‘ஐய அளவு’ ஏற்கத்தக்கது. புணர்ந்தால் ‘ஐயவளவு’. வகர உடம்படுமெய் விடுபடக் கூடாது.

சு.மா.:

மன்னியுங்கள் ஐயா, ‘ஐயவளவு’ என்றால் பிள்ளைகள் ‘ஐ, அவ்வளவா’ என்று படிப்பார்கள். பிரித்தே போடுகிறேன். கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது. தலைப்பு ‘ஐய அளவு ± (வி)’. எண்ணத் தொடங்கும்போது ‘சுழி’ என்று சொல்லவும் என்று அட்டவணைக்கு மேலே தடித்த எழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

செ.ப., மதுரை:

நல்லது அம்மா. ஆனால் எங்கள் வேதியியல் கையேட்டில் ‘பிழை’ என்றுதான் இருக்கிறது, அடுத்த ஆண்டுதான் மாற்ற முடியும். ஒரே பிள்ளை காலையில் பிழை என்றும் மதியம் ஐய அளவு என்றும் எழுதப்போகிறது. அது எனக்கு உறுத்துகிறது.

பொ.இ., சேலம்:

சராசரி பற்றிய என் கேள்வி அப்படியே நிற்கிறது.