வாடகை ஒப்பந்தத்தில் ‘இண்டெம்னிட்டி’: இழப்பீடா, இழப்பேற்பா?

செல்வி:
வணக்கம். அலுவலகக் கட்டடம் ஒன்றின் வாடகை ஒப்பந்தத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘லயபிலிட்டி’ வரும் இடங்களில் ‘பொறுப்பு’ என்றே எழுதிவிட்டேன். ‘இண்டெம்னிட்டி’தான் சிக்கலாக இருக்கிறது. வாடகை இடத்துக்கு வந்த எவருக்கேனும் எவ்வகைக் காயம் நேர்ந்து, அதற்காக உரிமையாளரிடம் பணம் கோரப்பட்டால், அதை வாடகைதாரர் தாங்க வேண்டும் என்கிறது விதி. ‘இழப்பீடு’ என்று போடலாமா? ‘இழப்புக்காப்பு’ என்றும் யோசித்தேன்.

முருகேசன்:
இழப்பீடே போதும். அடிபட்டவருக்கு வாடகைதாரர் பணம் தருகிறார், அவ்வளவுதான். இதில் கையெழுத்தான பிறகு உரிமையாளர்மேல் யாரும் வழக்குப் போட முடியாது.

பார்வதி:
கடைசியில் சுமை வாடகைதாரருக்குப் போகலாம் என்பதுவரை முருகேசன் ஐயா சொல்வது சரி. வழக்குப் போட முடியாது என்பது சரியல்ல. அடிபட்டவர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. இருவர் தமக்குள் எழுதிக்கொண்டது மூன்றாமவரின் உரிமையைப் பறிக்காது.

செல்வியின் விதியையே ஒரு விபத்தில் பொருத்திப் பார்க்கிறேன். பொதுப் படிக்கட்டு உரிமையாளரின் பராமரிப்பில் இருக்கிறது. விளக்கு எரியவில்லை என்று வாடகைதாரர் எழுதிக் கொடுத்தும் அவர் மாற்றவில்லை. வாடகைதாரரோ மேல்படியில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார். வந்தவர் இருட்டில் பெட்டி இடறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்கிறார்.

நீதிமன்றம் முதலில் கேட்பது, இடம் யார் கட்டுப்பாட்டில் இருந்தது என்பதை. இங்கிலாந்தில் 1966இல் வீட் எதிர் லேக்கன் வழக்கில், ஒரே இடத்தின்மேல் இருவருக்கும் கட்டுப்பாடு இருக்கலாம், அப்போது இருவருக்கும் கவனக் கடமை உண்டு என்று, அந்நாட்டின் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை கூறியது. அதுவும் வந்தவர் ஒருவர் படியில் விழுந்த வழக்குதான். நம் படிக்கட்டில் தவறு உரிமையாளருக்கு 70 பங்கு, வாடகைதாரருக்கு 30 பங்கு என்று பிரிந்ததாக வைத்துக்கொள்வோம். இதுவரை பேசியது பொறுப்பு. அடிபட்டவர் கைக்குப் போவது இழப்பீடு.

‘இண்டெம்னிட்டி’ இதற்குப் பிறகே தொடங்குகிறது. தன் 70 பங்கைக் கட்டிய உரிமையாளர், விதியைக் காட்டி அதை வாடகைதாரரிடம் கேட்கிறார். முதல் கேள்வி: பொதுப் படிக்கட்டு ‘வாடகை இட’த்தில் அடங்குமா? அடங்காவிட்டால் விதி அங்கேயே நின்றுவிடும். அடங்கினாலும், உரிமையாளரின் சொந்தக் கவனக்குறைவையும் வாடகைதாரர் சுமக்க வேண்டுமா? 1952இல் கனடா ஸ்டீம்ஷிப் வழக்கும் ஒரு குத்தகைக் கிடங்கைப் பற்றியதே. குத்தகைக்கு விட்டது அரசு. கதவைப் பழுதுபார்த்த அரசு ஊழியர்களின் கவனக்குறைவால் கிடங்கு எரிந்தது. குத்தகை விதிகள் பரந்த சொற்களில் இருந்தும் அரசை அவை காக்கவில்லை. ‘கவனக்குறைவு’ என்று வெளிப்படையாக எழுதப்படாத விதியை நீதிமன்றங்கள் குறுக்கியே படிக்கின்றன. பிற்கால நீதிமன்றங்கள் இதை இறுக்கமான விதியாக அன்றி வழிகாட்டியாகவே கொள்கின்றன என்றாலும், ‘எவ்வகைக் காயம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த 70 பங்கு பெரும்பாலும் உரிமையாளரிடமே தங்கும். ‘உரிமையாளரின் கவனக்குறைவால் நேர்ந்ததாயினும்’ என்று சேர்த்துவிட்டால் நூறு பங்கும் வாடகைதாரர் தலையில் விழலாம். சில நாடுகளின் சட்டம் அப்படி எழுதுவதையே செல்லாததாக்குகிறது.

பிறருக்கு வந்த இழப்பைத் தன்மேல் ஏற்பதால் ‘இழப்பேற்பு’ என்பேன்.

ரஹீம்:
இழப்புக்காப்பு வேண்டாம். என் கடையில் கூரை ஒழுகி, ஈரத் தரையில் ஒருவர் விழுந்தார். கூரை உரிமையாளர் பொறுப்பு; ஆனாலும் ஒப்பந்தத்தைக் காட்டி என்னிடம் பணம் கேட்டார். காப்பீடு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். சட்டப்படி உங்கள்மேல் விழும் பொறுப்புக்குத்தான் பாலிசி, ஒப்பந்தத்தில் நீங்களாக ஏற்றுக்கொண்டது அதில் சேராது என்று காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. ‘காப்பு’ என்ற சொல்லைப் பார்த்தால் என்னைப் போன்றவர்கள் காப்பீடு என்றே நினைப்பார்கள். நானே கட்டிய அந்தப் பணத்தை இப்போது திரும்பப் பெற வழி உண்டா?

பார்வதி:
விதியின் சொற்களைப் பார்க்காமல் சொல்ல முடியாது ஐயா. கவனக்குறைவு என்ற சொல் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

முருகேசன்:
சரி, இழப்பீடு என்பதைக் கைவிடுகிறேன். ஆனால் சட்டச் சொல்லகராதிகளில் ‘ஈட்டுறுதி’ ஏற்கெனவே இருக்கிறது. புதுச்சொல் எதற்கு? ஒரே பொருளுக்கு இரண்டு சொல் புழங்கினால் வழக்கில் அதுவே வாதமாகும்.

செல்வி:
ஈட்டுறுதி என்று படித்தால் யார் யாருக்கு உறுதி தருகிறார் என்பது வாடகைதாரருக்குப் புரியவில்லை. இழப்பேற்பில் அது புரிகிறது. பார்வதி அம்மா, உரிமையாளர் கட்டி முடித்த பிறகுதான் கேட்கலாமா, தீர்ப்பு வந்ததுமே கேட்கலாமா?

பார்வதி:
பழைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் கட்டிய பிறகே. அச்சட்டத்தின் கண்டிப்பைத் தளர்த்தி நியாயம் பார்த்த சமநீதி மன்றங்கள் அதற்கு முன்பே வாடகைதாரரைக் கட்டச் சொல்லின. எந்தப் பெயர்ச்சொல்லும் இதைத் தாங்காது. விதியிலேயே வினையாக எழுதுங்கள். வழக்குச் செலவையும் தனியே குறிப்பிடுங்கள்.

செல்வி:
இப்படி எழுதியிருக்கிறேன்: “வாடகைதாரரின் கவனக்குறைவால் வருகையாளருக்குக் காயம் நேர்ந்து, அதற்காக உரிமையாளர் செலுத்த வேண்டியதாகும் தொகையையும் வழக்குச் செலவையும், அத்தொகை முடிவான உடனே வாடகைதாரர் ஏற்பார். உரிமையாளரின் கவனக்குறைவுக்குரிய பங்கு இதில் சேராது.” தலைப்பில் மட்டும் இழப்பேற்பு. ‘வாடகைதாரரின் கவனக்குறைவால்’, ‘வழக்குச் செலவையும்’, ‘முடிவான உடனே’ என்பவையும் கடைசி வாக்கியமும் மூலத்தில் இல்லை. மொழிபெயர்ப்பில் சேர்க்க எனக்கு உரிமையில்லை என்பதால் இரு தரப்பிடமும் கேட்டிருக்கிறேன்.

முருகேசன்:
வரைவு நன்று. தலைப்பில் ஈட்டுறுதிதான் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.