"கழித்தல் பிழை" என்னும் சொல் பொருந்துமா?

முதல் மடல்

அன்புடையீர், இருபடிச் சமன்பாட்டைக் கணினியில் தீர்க்கும்போது ஒரு மூலம் சரியாகவும் மற்றது பெரும் பிழையோடும் வருவதுண்டு. ஏறத்தாழச் சமமான இரு எண்களைக் கழிக்கையில் பிழை பிறப்பதால், இதைக் "கழித்தல் பிழை" எனலாம் என்பது என் பரிந்துரை.

மறுமொழி

ஐயா, பிழை கழித்தலில் பிறப்பதில்லை என்பதால் அச்சொல்லை ஏற்கத் தயங்குகிறேன். x² − 80x + 1 = 0 என்பதை நான்கு முக்கிய இலக்கங்களோடு தீர்த்துப் பாருங்கள். தன்மைகாட்டி 6396, அதன் வர்க்கமூலமாகிய 79.97499… என்பதை 79.97 என்று சுருக்கும்போதே பிழை நுழைந்துவிடுகிறது. அடுத்து வரும் 80 − 79.97 = 0.03 என்ற கழித்தலில் துளியும் பிழையில்லை. ஆனால் இரு எண்களின் முன்னிலக்கங்களும் ஒன்றையொன்று போக்கிவிடுவதால், கடைசி இலக்கத்தில் ஒளிந்திருந்த பிழை தலைமை இடத்துக்கு வந்துவிடுகிறது. 0.0125 என்று வரவேண்டிய சிறிய மூலம் 0.015 ஆகிறது. ஆகவே "முன்னிலக்க அழிவு" என்பதே நிகழ்வை உள்ளபடி சொல்லும்.

மறுமொழி

வணக்கம். என் நிரலில் இரட்டைத் துல்லிய எண்களையே பயன்படுத்துகிறேன்; x² − 10⁸x + 1 = 0 என்பதன் சிறிய மூலம் 10⁻⁸ ஆக இருக்கவேண்டிய இடத்தில் 7.45 × 10⁻⁹ வந்தது. இது நிரல்மொழியின் குறை என்று எண்ணியிருந்தேன். இன்னும் கூடுதல் இலக்கங்கள் வைத்தால் தீருமா?

மறுமொழி

கூடுதல் இலக்கங்கள் சிக்கலைத் தள்ளிப்போடும், அவ்வளவே. ax² + bx + c = 0 என்பதில் b இன்னும் பெரிதானால் அது திரும்பிவரும். கழித்தலையே தவிர்ப்பதுதான் வழி. b-யின் குறியோடு ஒத்துப்போகும் குறியை வர்க்கமூலத்துக்குக் கொடுத்தால் இரண்டும் கூடும். மற்ற மூலத்தை, மூலங்களின் பெருக்கற்பலன் c/a என்பதிலிருந்து பெறலாம்.

```
q = -(b + copysign(sqrt(b*b - 4*a*c), b)) / 2
x1 = q / a
x2 = c / q
```

மேற்கண்ட நான்கிலக்கக் கணக்கில் q = 80.00 ஆகிறது, 1/80.00 = 0.0125 என்று சிறிய மூலம் சரியாகவே வருகிறது. பூச்சியத்துக்குப் பூச்சியத்தையே தரும் குறிச்சார்பை copysign இருக்கும் இடத்தில் வைத்தால், b பூச்சியமாகும்போது வர்க்கமூலம் மறைந்து q-வும் பூச்சியமாகிவிடும்.

முதல் மடல் எழுதியவர்

பிழை பிறக்கும் இடத்தைத் தவறாகக் கொண்டிருந்தேன். "கழித்தல் பிழை"யைக் கைவிடுகிறேன். ஆயினும் "அழிவு" என்பது தரவே தொலைந்ததுபோல் ஒலிக்கிறதே. "முன்னிலக்க நீக்கம்" போதாதா?

மறுமொழி

"நீக்கம்" என்றால் ஒருவர் வேண்டுமென்றே எடுத்ததாகப் பொருள்படும். இங்கே இலக்கங்கள் தாமாகவே போகின்றன. மேலும், b²-உம் 4ac-உம் நெருங்கிவரும்போது தன்மைகாட்டிக்குள்ளேயே இதே நிகழ்வு நடக்கிறது. புதிய வாய்பாடு அதைத் தீர்ப்பதில்லை. b² − 4ac என்ற அந்த ஒரு கணக்கை மட்டும், அதன் பெருக்கல்களையும் சேர்த்து, இருமடங்கு துல்லியத்தில் செய்யவேண்டியிருக்கிறது. தெரிவுசெய்யும் சொல் இவ்விரு இடங்களுக்கும் பொருந்தவேண்டும்.