கலைச்சொல் கேள்வி: ‘நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா’ என்பதை எப்படிச் சொல்வது?

பண்டாரவளையிலிருந்து, கேள்வியைத் தொடங்குபவர்

வணக்கம். தோட்டத்துத் தாய்மாருக்காகக் காய்ச்சல் பாணி பற்றி ஒரு பக்கத் தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் கையில் இருக்கும் பரசிட்டமோல் போத்தலில் உள்ளதைத் தமிழில் எழுதினால் இப்படி வருகிறது: “4 முதல் 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை 5 மில்லிலீற்றர். 24 மணித்தியாலத்தில் 4 தடவைக்கு மேல் கொடுக்க வேண்டாம்.”

இதை லயத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியிடம் வாசித்துக் காட்டினேன். மூத்த பிள்ளைக்கு ஒன்பது மாதம். அவள் விரல் விட்டு எண்ணினாள். “நாலு மணிக்கு ஒருக்கான்னா நாளைக்கு ஆறு தடவை வருதே அக்கா. கீழ நாலுதான்னு போட்டிருக்கு. எத நம்புறது?”

என்னிடம் சரியான சொல் இருக்கவில்லை. ‘ஒரு தடவை’ என்றதும் அவளுக்கு அது கொடுத்தே ஆகவேண்டிய முறை என்று பட்டிருக்கிறது. முதல் வரி சொல்வது ‘இதற்குள் அடுத்ததைத் தொடாதே’ என்பது. அதற்கு ஒரு சொல்லும், கீழ் வரிக்கு ஒரு சொல்லும் வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், நானுஓயா

தங்கச்சி, முதலாவதற்கு ‘வேளை இடைவெளி’, இரண்டாவதற்கு ‘நாள் வரம்பு’ என்று வைக்கலாம். குழப்பமே வராது. நாலு தடவையை ஒரு நாளில் சமமாகப் பங்கிட்டால் ஆறு மணித்தியாலம். காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 12. நள்ளிரவு கழிந்தால் புது நாள், புதுக் கணக்கு.

மருந்தாளர், ஹட்டன்

சேர் சொன்ன ஆறு மணித்தியாலக் கணக்கு பிழையில்லை. அதைப் பிடித்துக்கொண்டால் பிள்ளைக்கு ஆபத்தில்லை. பிழை கடைசி வரியில் இருக்கிறது. போத்தலில் இருப்பது ‘24 மணித்தியாலம்’. நாட்காட்டி நாள் அங்கே இல்லை.

எட்டுக் கிலோ பிள்ளையை எடுத்துக்கொள்வோம். ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை போகலாம், ஆக 120 மில்லிகிராம். பாணி 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ளது என்றால் சரியாக 5 மில்லிலீற்றர். 24 மணித்தியாலத்துக்குக் கிலோவுக்கு 60, அதாவது 480 மில்லிகிராம். நாலு தடவையோடு எல்லை முட்டிவிடுகிறது.

இனி காய்ச்சல் விடாத பிள்ளை. தாய் பகல் 2 மணிக்குக் கொடுக்கிறாள். மாலை 6, இரவு 10, விடியற்காலை 2. நாலு மணித்தியாலம் விட்டுத்தான் கொடுத்தாள், பிழை சொல்ல முடியாது. காலை 6 மணிக்கு உடம்பு சுடுகிறது. “நேற்று மூணு, இன்றைக்கு ஒண்டு, இன்னும் மூணு இருக்கு” என்று ஐந்தாவதையும் ஊட்டுகிறாள். முதல் தடவையிலிருந்து பதினாறு மணித்தியாலம்தான் ஆகியிருக்கிறது, உள்ளே போனது 600 மில்லிகிராம், கிலோவுக்கு 75. அந்த ஐந்தாவது பகல் 2 மணி வரை பொறுத்திருக்க வேண்டும்.

அன்றைக்குப் பிள்ளை நன்றாக இருப்பதுபோலவே தெரியலாம். இப்படியே இரண்டு, மூன்று நாள் போனால் ஈரல் பாதிக்கப்படலாம். ஈரல் பாதிப்பு முதல் நாளில் வெளியே தெரிவதும் அரிது. ஆகவே கூடக் கொடுத்துவிட்டது தெரிந்தால், வாந்தி வரட்டும் என்று பார்த்திருக்காமல் போத்தலோடு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்க வேண்டும்.

அதனால் ‘நாள் வரம்பு’ வேண்டாம் என்பது என் எண்ணம். நம் ஆட்களுக்கு நாள் காலைப் பிரட்டில் தொடங்குகிறது.

தலவாக்கலையிலிருந்து ஒரு தாய்

எனக்கு இந்தச் சொல்லுகள் தெரியாது, நடந்ததைச் சொல்கிறேன். மகனுக்குச் சளிக்கு அன்ரிபயோட்டிக் பாணி தந்தார்கள், எட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. இரவு பத்துக்குக் கொடுத்தால் அடுத்தது காலை ஆறு. தூங்குகிற பிள்ளையை எழுப்புவானேன் என்று ஒன்பதுக்குக் கொடுத்தேன். கிளினிக்கில் ஏசினார்கள். இப்போது நீங்கள், நேரம் போனால் பரவாயில்லை, முந்தத்தான் கூடாது என்கிறீர்களே. அன்றைக்கு எனக்கு ஏன் ஏச்சு விழுந்தது?

மருந்தாளர், ஹட்டன்

அக்கா, நீங்கள் கேட்டதில்தான் இந்தச் சொல்லின் முடிச்சு இருக்கிறது. இரண்டு போத்தலிலும் ‘இத்தனை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை’ என்றே எழுதியிருக்கும். கிருமி மருந்து இரத்தத்தில் ஓரளவு குறையாமல் நிற்க வேண்டும், அதனால் காய்ச்சல் இருந்தாலும் விட்டாலும் நேரத்துக்குக் கொடுத்து, சொன்ன நாள் வரை முடிக்க வேண்டும். காய்ச்சல் பாணி அப்படியில்லை. காய்ச்சலோ நோவோ பிள்ளையை வருத்தும்போது மட்டும். பிள்ளை விளையாடினால் அடுத்த தடவையே வேண்டாம். தூங்கினால் எழுப்பவும் வேண்டாம்.

ஆகவே முன்னதற்கு ‘வேளை இடைவெளி’ பொருந்தும். பின்னதற்கு வேறு சொல் வேண்டும். என் கடையில் நான் வாயால் சொல்வது “நாலு மணித்தியாலம் பொறுங்க” என்றுதான். அதையே ‘பொறுநேரம்’ ஆக்கினால் என்ன?

இன்னொன்று. எண்ணும்போது போத்தலை எண்ணாமல் மருந்தை எண்ண வேண்டும். சளிக்கென்று விற்கும் சில பாணிகளிலும் பரசிட்டமோல் இருக்கும். ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்குப் பின்பக்கத்தால் வைக்கும் மருந்தும் பெரும்பாலும் அதுதான். எல்லாம் அந்த நாலுக்குள் அடக்கம்.

மொழிபெயர்ப்பாளர், கண்டி

‘பொறுநேரம்’ காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் தாளில் தனியே நின்றால் ‘பொறுப்பு நேரம்’ என்று வாசித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறேன். ‘குறைந்த இடைவெளி’ என்பது எல்லோருக்கும் தெரிந்த இரண்டு சொல். அதையே வைக்கலாமே.

ஆசிரியர், நானுஓயா

நள்ளிரவுக் கணக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தம்பி போட்டுக் காட்டிய கணக்கில் என் பேத்திதான் கண்முன் வந்தாள். ஆனால் ‘குறைந்த இடைவெளி’யை ஏற்க மாட்டேன். ‘இடைவெளியைக் குறைத்துக்கொள்’ என்றும் ஒருவர் எடுக்கலாம். காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்திருப்பவருக்கு அந்தச் சறுக்கல் போதும்.

பண்டாரவளை

எல்லோருக்கும் நன்றி. நேற்று மறுபடி லயத்துக்குப் போனேன். இரண்டு சொல்லையும் அந்தப் பிள்ளைத்தாய்ச்சியிடம் சொல்லிப் பார்த்தேன். ‘குறைந்த இடைவெளி’க்கு, “கொஞ்ச நேரம்னா?” என்று கேட்டாள். ‘பொறுநேரம் 4 மணித்தியாலம்’ என்றதற்கு, “அதுவரைக்கும் குடுக்கப்படாது, அப்படித்தானே?” என்றாள். ஒருத்தி சொன்னதை வைத்து முடிவெடுக்க முடியாது. ஆனாலும் தாளில் அதையே போடுகிறேன்.

‘நாள் வரம்பு’க்குப் பதில் ‘24 மணி உச்சம்’ என்று எழுதியிருக்கிறேன். அதுவும் அவளுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் தாளின் அடியில் நாலு கட்டம் கீறினேன். ஒவ்வொரு தடவையும் மணியை எழுத வேண்டும். நாலும் நிரம்பினால், முதல் கட்டத்தில் இருக்கும் மணி மறுநாள் திரும்ப வரும் வரை பாணி இல்லை. கட்டத்தைப் பார்த்ததும் அவளே, “இதில பகல் ரெண்டுன்னு இருந்தா, நாளைக்குப் பகல் ரெண்டு” என்றாள்.

கட்டத்தின் தலைப்பு இன்னும் வெறுமையாக இருக்கிறது. அவளுக்கு விளங்கிய அந்தக் கணக்கைச் சொல்லும் ஒரு பெயர் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.