இரண்டு தலைப்பு, ஒரே தேன்: எது விற்றது?

தேன் வியாபாரி, மார்த்தாண்டம்:
முகநூலில் ஒரே படம், இரண்டு தலைப்பு. ஒன்று ‘மார்த்தாண்டத்திலிருந்து நேரடித் தேன்’; மற்றது ‘உங்கள் வீட்டுத் தேன் கலப்படமா?’ ஒவ்வொன்றையும் 20,000 பேர் பார்த்தார்கள். முதலாவதைச் சொடுக்கியவர்கள் 300, இரண்டாவதை 420. ஆர்டரோ முதலாவதற்கு 22, இரண்டாவதற்கு 15. எதை வைத்துக்கொள்வது?

சிப்ஸ் கடை, நாகர்கோவில்:
சொடுக்கு கல்லாவில் விழாது அண்ணாச்சி, 22தான் பெரிது. நான் இந்த வாரம் ஒரு தலைப்பு, அடுத்த வாரம் மற்றொன்று என்று மாற்றிப் பார்த்துவிடுவேன். அடுத்த வாரம் மூன்றாம் நாளே முடிவு தெரிந்துவிடும்.

விளம்பர வேலை செய்பவர், தக்கலை:
கல்லாவைப் பற்றிச் சொன்னது சரி. வாரம் மாற்றுவதுதான் உதைக்கிறது. ஒரு வாரத்தில் ஓணம் வந்தால் நேந்திரன் சிப்ஸ் எந்தத் தலைப்பிலும் போகும்; பாராட்டு தலைப்புக்குப் போய்விடும். இரண்டும் ஒரே நாட்களில் ஓட வேண்டும். ஒரே தொகுப்பில் இரண்டு விளம்பரத்தையும் போட்டுவிட்டால் போதாது. தொடக்கத்தில் சற்று முந்தும் விளம்பரத்துக்கே முகநூல் பணத்தைக் கொட்டிவிடும். பார்வையாளர்களைச் சமமாகப் பிரிக்கும் ஏ/பி சோதனை வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

அண்ணாச்சியின் கணக்குக்கு வருவோம். இரண்டும் சமமான பேருக்குப் போயிருந்தால் ஒரு குறுக்கு வழி உண்டு. இரண்டு எண்ணையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்து இரட்டிப்பாக்குங்கள். வித்தியாசம் அதைத் தாண்டாவிட்டால் தற்செயலாகவும் இருக்கலாம். சொடுக்கில் கூட்டுத்தொகை 720, வர்க்கமூலம் சுமார் 27, இரட்டித்தால் 54. வித்தியாசம் 120; ஆகவே கலப்படத் தலைப்பு ஆட்களை இழுப்பது உண்மை. ஆர்டரில் கூட்டுத்தொகை 37, வர்க்கமூலம் 6, இரட்டித்தால் 12. வித்தியாசம் 7தான். 22 ஜெயித்தது என்று இப்போது சொல்ல முடியாது.

சிப்ஸ் கடை, நாகர்கோவில்:
அப்படியானால் தினமும் இந்தக் கணக்கைப் போட்டு, தாண்டியதும் நிறுத்தலாமே?

விளம்பர வேலை செய்பவர், தக்கலை:
கூடாது. தினமும் எட்டிப் பார்த்தால் என்றாவது ஒருநாள் தற்செயலாகவே தாண்டிவிடும். இரண்டு முழு வாரம் என்று முன்பே தேதி குறித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் பார்ப்பவர் வேறு, புதன்கிழமை பார்ப்பவர் வேறு. கடைசி நாளில் சொடுக்கியவர் ஆர்டர் கொடுக்கவும் சில நாள் விட்டுத்தான் எண்ண வேண்டும்.

லாட்ஜ் நடத்துபவர், கன்னியாகுமரி:
எங்களுடையது துண்டறிக்கை. நாகர்கோவிலில் ஒரு தலைப்பு, மார்த்தாண்டத்தில் இன்னொன்று கொடுத்தோம். நாகர்கோவிலிலிருந்துதான் போன் நிறைய வந்தது.

விளம்பர வேலை செய்பவர், தக்கலை:
அது ஊரின் வித்தியாசம் சார். அச்சகத்திலேயே ஒன்றுவிட்டு ஒன்றாகக் கலந்து கட்டி, ஒவ்வொரு தலைப்புக்கும் தனி போன் எண் கொடுங்கள்.

லாட்ஜ் நடத்துபவர், கன்னியாகுமரி:
மொத்தமே பத்துப் பதினைந்து போன்தானே வருகிறது?

விளம்பர வேலை செய்பவர், தக்கலை:
அவ்வளவுதான் என்றால் தலைப்பில் ஒரு சொல்லை மாற்றியதால் வரும் சிறு வித்தியாசம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே இரண்டு தலைப்பும் நன்றாக வேறுபடட்டும்: ஒன்று வாடகையைச் சொல்லட்டும், மற்றது சூரிய உதயத்தைச் சொல்லட்டும்.

தேன் வியாபாரி, மார்த்தாண்டம்:
இன்னும் இரண்டு வாரம் புதிதாக ஓட்டுகிறேன். ஒன்று மட்டும் இடிக்கிறது: 22 பேரில் பலர் கால் கிலோதான் வாங்கினார்கள், அந்த 15 பேரில் சிலர் இரண்டு கிலோ. ஆர்டரை எண்ணுவதா, ரூபாயை எண்ணுவதா?