அந்த விளக்கு எப்போது அணைந்தது? கோடிட்ட இடங்களும் பாஸ்ட் பெர்ஃபெக்டும்: உங்கள் அனுபவங்கள்

பத்தாம் வகுப்பு ஆங்கில ஆசிரியை:
சென்ற பருவத் தேர்வில் வந்த ஒரு கதைப் பத்தி இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. புயல் இரவில் மீனா வீடு திரும்புகிறாள். “வென் மீனா ஓபன்ட் த டோர், த லேம்ப் ____ அவுட்” என்ற வாக்கியத்தில், ‘கோ’ என்ற வினையைச் சரியான வடிவில் எழுத வேண்டும். விடைக்குறிப்பில் ‘ஹேட் கான்’ என்று இருந்தது. ஒரு மாணவி ‘வென்ட்’ என்று எழுதி மதிப்பெண் இழந்தாள். விடைத்தாளை என் மேசைமேல் விரித்து, முதல் வரியில் இருந்த பலத்த காற்றை விரலால் தொட்டுக் காட்டி, “கதவைத் திறந்ததும் காற்று உள்ளே வந்து விளக்கை அணைத்திருக்கலாமே, டீச்சர்?” என்று கேட்டாள். அந்த வாக்கியம் வரை அவள் சொன்னதில் தவறே இல்லை. ஆனால் இரண்டு வரி தள்ளி, மீனா தொட்டபோது விளக்கின் கண்ணாடி சில்லென்று இருந்தது என்று வருகிறது. அப்போதுதான் அணைந்த விளக்கின் கண்ணாடி சுடும். அதைக் காட்டியதும் அவள் ஒப்புக்கொண்டாள். பத்தியை முழுவதும் படித்துவிட்டுத்தான் கோட்டை நிரப்ப வேண்டும் என்பதை அதற்கு முன் நான் எத்தனை முறை சொல்லியும் வகுப்பில் பதியவில்லை.

டியூஷன் நடத்துபவர்:
இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை என்பது என் கருத்து. இறந்தகாலத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் வந்தால், முன்னால் நடந்ததற்கு ‘ஹேட்’, பின்னால் நடந்ததற்குச் சிம்பிள் பாஸ்ட். என் மாணவர்களுக்கு இந்த ஒரே விதியைத்தான் சொல்லித் தருகிறேன், அவர்கள் தேர்ச்சி பெறுகிறார்கள்.

ஓய்வுபெற்ற கல்லூரி விரிவுரையாளர்:
மேலே எழுதிய நண்பரின் விதி பாதிதான் சரி. “திருடன் பூட்டை உடைத்தான், பெட்டியைத் தூக்கினான், ஓடினான்” என்பதிலும் ஒன்றுக்கு முன் ஒன்று நடந்திருக்கிறது. ஆனால் நடந்த வரிசையிலேயே கதை சொல்லப்படுவதால் மூன்றுமே சிம்பிள் பாஸ்டில் நிற்கின்றன. உங்கள் விதியை நம்பும் மாணவர் முதல் இரண்டுக்கும் ‘ஹேட்’ போட்டுவிடுவார், ஆங்கிலத்தில் அது ஒட்டாது. கதை நின்றுகொண்டிருக்கும் இடத்திலிருந்து பின்னோக்கித் திரும்பும்போதுதான் ‘ஹேட்’ வேலை செய்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் நான் திருத்திய ஒரு விடைத்தாள் இதனால்தான் நினைவில் இருக்கிறது. ஒரு முதியவர் திண்ணையில் அமர்ந்து தம் இளமையை நினைத்துப் பார்ப்பதாகப் பத்தி. அந்த மாணவர் நினைவின் முதல் வினைக்கு மட்டும் ‘ஹேட் லெஃப்ட்’ என்று எழுதி, அடுத்து வந்த வேலை, திருமணம், வீடு கட்டியது எல்லாவற்றையும் சிம்பிள் பாஸ்டில் எழுதியிருந்தார். கதை மறுபடி திண்ணைக்கு வந்த இடத்தைப் பத்தியிலிருந்த ‘நவ்’ என்ற சொல் காட்டிவிட்டது. நல்ல ஆங்கில எழுத்தாளர்களும் அப்படித்தான் எழுதுவார்கள். எட்டு வினைக்கும் ‘ஹேட்’ போட்டால் வாசிக்க முடியாது. விடைக்குறிப்போ எட்டு இடத்திலும் ‘ஹேட்’ கேட்டது. நான் அவருக்கு முழு மதிப்பெண் போட்டேன். தலைமைத் தேர்வாளர் அதைக் குறைத்தார்.

இன்னொன்று. ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’ என்ற சொற்கள் வாக்கியத்தில் இருந்தால் வரிசையை அவையே சொல்லிவிடுகின்றன. “ஆஃப்டர் ஹீ ஃபினிஷ்ட்” என்பதும் சரி, “ஆஃப்டர் ஹீ ஹேட் ஃபினிஷ்ட்” என்பதும் சரி. ‘வென்’ அப்படியன்று, அது இரண்டு பக்கமும் சாயும். அதனால்தான் மீனாவின் விளக்கில் வினை வடிவமே பொருளைத் தீர்மானிக்கிறது.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்:
எனக்கும் இதே சிக்கல் வந்தது. “ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே” என்று எழுதியதைத் தவறு என்றார்கள். அங்கேயும் ‘ஹேட்’ போட்டிருந்தால் சரியாகியிருக்குமா?

ஆசிரியை:
உங்கள் கேள்வி வேறு, தம்பி. ‘யெஸ்டர்டே’ என்று நாளைக் குறிப்பிட்டுவிட்டதால் அங்கே ‘சா’ போதும். அதற்குப் பின் நடந்த இன்னொரு நிகழ்ச்சியில் கதை நின்றால்தான் ‘ஹேட்’ தேவைப்படும்.

டியூஷன் நடத்துபவர்:
ஐயா சொன்ன திருடன் உதாரணத்தை ஏற்கிறேன். ஆனால் ‘பை த டைம்’ வந்தாலாவது கண்ணை மூடிக்கொண்டு ‘ஹேட்’ போடலாம் அல்லவா? அதையாவது விதியாக விட்டுவையுங்கள்.

விரிவுரையாளர்:
பெரும்பாலும் போடலாம். “பை த டைம் வீ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்” என்பதில் வேறு வழி இல்லை. ஆனால் நிகழ்ச்சியாக இல்லாமல் நிலையாக இருந்தால், “பை த டைம் வீ ரீச்ட் ஹோம், ஹீ வாஸ் அஸ்லீப்” என்பதே இயல்பு. வினை ஒரு செயலா, ஒரு நிலையா என்று ஒரு நொடி பார்க்கச் சொல்லுங்கள்.

ஆசிரியை:
‘ஆஃப்டர்’ வரும் கோட்டுக்கு இரண்டு விடையும் சரி என்றால், ஒன்றை மட்டும் அச்சிட்ட விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு திருத்துபவர் என்ன செய்வது, ஐயா? அடுத்த வாரம் எங்களுக்குத் திருத்தும் பணி இருக்கிறது. முகாமில் இதைக் கேட்டு மாற்ற வைத்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.