பழுது ஒய் ஃபேஸில், வெடித்ததோ ஆர், பி அரெஸ்டர்கள்

இரவுஷிப்ட்

எங்கள் தொழிற்சாலைக்கு 11 கே.வி. மேல்நிலை லைன் வருகிறது. உள்ளே நுழையும் இடத்தில் ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று மின்னல் அரெஸ்டர்கள், எல்லாம் 9 கே.வி. ரேட்டிங். அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர்: 11 கே.வி. பக்கம் டெல்டா, 433 வோல்ட் பக்கம் ஸ்டார். கீழே எங்கள் ஜெனரேட்டர் எப்போதும் சப்ளையோடு பாரலலில் ஓடும்.

ஒரு நாள் மதியம், மழையும் இல்லை இடியும் இல்லை, லைனில் ஒய் ஃபேஸ் இன்சுலேட்டர் உடைந்து கம்பி கிராஸ் ஆர்மில் விழுந்தது. அதே நேரத்தில் எங்கள் கேட்டருகே டமார் டமார் என்று இரண்டு சத்தம். போய்ப் பார்த்தால் ஆர், பி இரண்டு அரெஸ்டர்களும் பிளந்து கருகிக் கிடக்கின்றன. பழுதான ஒய் ஃபேஸின் அரெஸ்டரில் ஒரு கீறல்கூட இல்லை.

“மட்டமான சரக்கு, மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பு” என்றார் எங்கள் மேலாளர். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து 11 கே.வி. ரிலேயில் பதிவான அலை வடிவத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. பழுதுக்கு முன் ஒவ்வொரு ஃபேஸும் எர்த்துக்கு 6.35 கே.வி. பழுது வந்ததும் ஒய் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விழுகிறது, ஆரும் பியும் சுமார் 7.9. சுமார் 0.4 நொடி அப்படியே போகிறது. பிறகு ஒரே தாவலில் இரண்டும் 11.4. அடுத்து ஆர் சரிகிறது, பின்னாலேயே பி. கடைசியில் ஜெனரேட்டர் பிரேக்கர் ஓவர்கரண்டில் டிரிப்.

11.4-ஐ 6.35-ஆல் வகுத்தால் 1.8. எர்த் ஃபால்ட்டில் நல்ல ஃபேஸ் வோல்டேஜ் எத்தனை மடங்காகும் என்று சொல்லும் எர்த் ஃபால்ட் ஃபேக்டர் அதிகபட்சம் 1.73 என்றுதானே படித்தோம்? என் கணக்கு எங்கே தப்பு?

சுழலி

சாலிட் எர்த் செய்த சிஸ்டத்தில் ஃபேக்டர் 1.4. அதாவது எர்த் ஃபால்ட் வந்தால் நல்ல ஃபேஸ்கள் 40 சதவீதம் ஏறும். உங்களுக்கு அதைவிட ஏறியிருக்கிறது என்றால் சப்ளை பக்கம் நியூட்ரல் எர்த்திங் சரியில்லை. எர்த் ரெசிஸ்டன்ஸை அளந்து பாருங்கள்.

பழையரிலே

சுழலி சொன்னதில் பாதி சரி. 1.4 என்பது எல்லை. அதைத் தாண்டாமல் இருந்தால் அந்த சிஸ்டம் நன்றாக எர்த் செய்யப்பட்டது என்று கொள்வார்கள். எல்லா இடத்திலும் 1.4 வரும் என்று அதற்குப் பொருள் இல்லை. X0 ஜீரோ சீக்வென்ஸ் ரியாக்டன்ஸ், X1 பாசிட்டிவ் சீக்வென்ஸ் ரியாக்டன்ஸ். எதிர்ப்பை விட்டுவிட்டால் ஃபேக்டர் k இப்படி வரும்:

```
m = X0/X1
k = √3 × √(1 + m + m²) / (m + 2)
```

m 1 ஆக இருந்தால் k-யும் 1, ஏற்றமே இல்லை. m 3 என்றால் 1.25. m 10 என்றால் 1.52. நியூட்ரல் எங்குமே எர்த் ஆகாவிட்டால் m எங்கேயோ போய்விடும், k 1.73-ஐத் தொடும். இரவுஷிப்ட் பார்த்த 7.9-ஐ 6.35-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட அதே 1.25 தான் வருகிறது. அந்த 0.4 நொடியில் சப்ளை பக்க எர்த்திங் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. அதைக் குறை சொல்லாதீர்கள்.

விஷயம் அடுத்த தாவலில் இருக்கிறது. 0.4 நொடியில் சப்ளை பக்க பிரேக்கர் திறந்துவிட்டது. லைனைச் சுத்தம் செய்தாயிற்று என்று அந்தப் பக்கம் நினைத்திருப்பார்கள். ஆனால் உங்கள் ஜெனரேட்டர் டெல்டா வழியாக லைனுக்கு ஊட்டிக்கொண்டே இருந்தது. டெல்டாவில் நியூட்ரல் ஏது? எர்த் செய்த நியூட்ரல் பிரேக்கருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மிச்சமிருந்தது எர்த்தே இல்லாத ஒரு குட்டி சிஸ்டம், அதில் ஒய் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டு. ஒய் தரை என்றால் ஆரும் பியும் தரைக்கு முழு லைன் வோல்டேஜில்தானே நிற்க வேண்டும்?

ஃபேக்டரை நியூட்ரல் எர்த்திங்கின் குணம் என்று மட்டும் பார்ப்பதால் வரும் சிக்கல் இது. அது ஒரு இடத்துக்கும், அந்த நேரத்தில் எந்தெந்த பிரேக்கர் மூடியிருக்கிறது என்பதற்கும் உரியது. ஒரே கேட், ஒரே பழுது. பிரேக்கர் திறந்ததும் 1.25 போய் 1.73 வந்துவிட்டது.

மின்விசிறி

எங்கள் வீட்டிலும் இதேதான்! போன மாதம் நியூட்ரல் கட் ஆகி டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் போயிற்று. மீட்டரில் 370 காட்டியது. அரெஸ்டர் வைத்தால் தடுக்கலாமா?

பழையரிலே

அது வேறு கதை. உங்கள் வீட்டில் எர்த் ஃபால்ட் இல்லை. நியூட்ரல் கம்பி அறுந்ததால் மூன்று ஃபேஸ் லோடுகளின் ஏற்றத்தாழ்வு நடுப்புள்ளியை இழுத்தது. அரெஸ்டர் அதற்கு ஆகாது, ஓவர்வோல்டேஜில் கட் ஆகும் ரிலே போடுங்கள்.

இரவுஷிப்ட்

சரி, 1.73 புரிகிறது. மீதி? 1.8 அல்லவா வருகிறது?

கண்ணாடிஇன்சுலேட்டர்

எர்த் இல்லாத சிஸ்டத்தில் பழுது கொஞ்சம் எதிர்ப்போடு இருந்தால் ஒரு நல்ல ஃபேஸ் லைன் வோல்டேஜையும் தாண்டி 5 சதவீதம் வரை ஏறும். கெப்பாசிட்டன்ஸால் வருவது. கணக்கு 1.82 வரை போகும். உங்களுக்கு அதுவாக இருக்கலாம்.

பழையரிலே

இருக்கலாம், ஆனால் அப்படியென்றால் ஆரும் பியும் சமமாக ஏறாது, ஒய் பூஜ்யத்துக்கு வராது. இரவுஷிப்ட், அந்த நேரத்தில் ஆர்-பி வோல்டேஜ் எவ்வளவு?

இரவுஷிப்ட்

பழுதுக்கு முன் 11. தாவலுக்குப் பிறகு 11.4. ஆரும் பியும் கிட்டத்தட்ட சமம்.

பழையரிலே

அப்போது லோடு கழன்றதுதான் காரணம். சப்ளை போனதும் ஜெனரேட்டரின் சுமை குறைந்து வோல்டேஜ் 4 சதவீதம் ஏறியிருக்கிறது. 1.73-ஐ 1.04-ஆல் பெருக்கினால் 1.8. ஃபேக்டர் என்பது அதே நிலையில் பழுது இல்லாவிட்டால் இருந்திருக்கும் வோல்டேஜோடு ஒப்பிடுவது. லோடு கழன்ற ஏற்றம் அதில் சேராது, தனியாகப் பெருக்க வேண்டும். நீங்கள் பழைய 6.35-ஆல் வகுத்ததால் இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தது.

அரெஸ்டர் மட்டச் சரக்கு இல்லை. 9 கே.வி. ரேட்டிங் என்றால் அந்த வோல்டேஜை ஏறத்தாழ 10 நொடி தாங்கும். 7.9 அதற்கு விளையாட்டு. 11.4 என்பது ரேட்டிங்கைப்போல 1.27 மடங்கு, அதில் நொடிக் கணக்கில் நிற்காது. ஒய் அரெஸ்டருக்கு வோல்டேஜே இல்லை, அதனால் தப்பியது. ஆர் வெடித்து ஷார்ட் ஆனதும் ஒய்-ஆர் இரண்டும் தரை வழியாகச் சேர்ந்துவிட்டன. அப்போதுதான் பெரிய கரண்ட் ஓடி உங்கள் ஓவர்கரண்ட் ரிலே விழித்தது. அதுவரை லைன்-டு-லைன் வோல்டேஜ் நன்றாகவே இருந்ததால் ஜெனரேட்டரின் அண்டர்வோல்டேஜ் ரிலேயும் ஒன்றும் பார்த்திருக்காது.

சுழலி

அப்போது 12 கே.வி. அரெஸ்டர் மாட்டினால் போதுமே?

பழையரிலே

சீக்கிரம் கட் ஆனால் போதும். உங்கள் சிஸ்டத்தின் உச்ச வோல்டேஜ் 12 கே.வி., முழு லைன் வோல்டேஜே நல்ல ஃபேஸில் நின்றாலும் 10 நொடி தாங்கும். அதற்குள் கட் செய்ய 11 கே.வி. பி.டி.யின் ஓப்பன் டெல்டாவில், நியூட்ரல் வோல்டேஜ் ஏறுவதைப் பார்க்கும் 59N ரிலே வேண்டும். மணிக்கணக்கில் நிற்கும் என்றால் 12 போதாது. அந்த பி.டி.யின் நேம் பிளேட்டையும் பாருங்கள்: வோல்டேஜ் ஃபேக்டர் 1.5, 30 நொடி என்று இருந்தால் அதுவும் எர்த் செய்த சிஸ்டத்துக்கானது. 1.9 வேண்டும்.

கண்ணாடிஇன்சுலேட்டர்

மணிக்கணக்கு என்றதும் ஞாபகம். நான் முன்பு இருந்த ஆலையில் 6.6 கே.வி. முழுக்க எர்த் இல்லாத சிஸ்டம், எர்த் ஃபால்ட்டுக்கு அலாரம் மட்டும்தான். ஒரு பம்ப் மோட்டாரில் பி ஃபேஸ் எர்த். ஷிப்ட் முடியட்டும் என்று அலாரத்தை அமர்த்திவிட்டு ஓட்டினோம். மூன்று மணி நேரம் கழித்துச் சம்பந்தமே இல்லாத வேறொரு ஃபீடரில் ஆர் ஃபேஸ் கேபிள் டெர்மினேஷன் துளைத்துக்கொண்டது. இரண்டு ஃபீடரும் ஒன்றாக டிரிப். டெர்மினேஷன் போட்டவரைத்தான் எல்லோரும் திட்டினார்கள்.

இரவுஷிப்ட்

59N கேட்டிருக்கிறேன். எங்கள் கன்சல்டன்ட் வேறு யோசனை சொல்கிறார்: 11 கே.வி. பக்கம் ஒரு எர்த்திங் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் நியூட்ரல் நம் பக்கமே கிடைக்கும், ஏற்றமே வராது என்கிறார்.

பழையரிலே

வராமல் செய்யலாம், ஆனால் எர்த் ஃபால்ட் கரண்டில் ஒரு பங்கு உங்கள் வழியாகப் போய்விடும். சப்ளை பக்க ரிலே பார்க்கும் கரண்ட் குறையும், தூரப் பழுதுகளை அது தவறவிடலாம். அந்தப் பக்கம் கேட்காமல் வைக்காதீர்கள்.

கண்ணாடிஇன்சுலேட்டர்

நான் எர்த்திங் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம்தான். பெரிய நியூட்ரல் ரியாக்டர் போட்டுக் கரண்டை அடக்கலாமே.

பழையரிலே

ரியாக்டரைப் பெரிதாக்கினால் X0-வும் ஏறும், அதோடு ஃபேக்டரும். கரண்டை எவ்வளவு அடக்கினாலும் 1.4-க்குள் நிற்குமா என்று உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.