வலது இறக்கையில் மட்டும் தகடு எழும்பியது ஏன்? விமானச் சாய்வு, அனுபவங்கள்

சன்னலோரம்
சென்னையிலிருந்து மதுரைக்கு ஏ320. இருக்கை 20எஃப், வலது இறக்கைக்குச் சற்றுப் பின்னால். கடல் பக்கம் ஏறிய கொஞ்ச நேரத்தில் விமானம் வலப்புறம் சாய்ந்தது. அப்போது இறக்கையின் மேல் வரிசையாக இருந்த தகடுகள் சில அங்குலம் எழும்பின. இரண்டு மூன்று வினாடியில் தானாகப் படிந்துவிட்டன, ஆனால் சாய்வு அப்படியே இருந்தது. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா, அவர் பக்கத்தில் எந்தத் தகடும் எழவில்லை என்றார். ஏதாவது பழுதா? எனக்கு பிட்ச், ரோல், யா என்று மூன்று பெயர் மட்டும் தெரியும்.

ரிவெட்
பழுது இல்லைங்க, நீங்க பார்த்ததுதான் ரோல். இறக்கையின் வெளிக்கோடியில், பின்விளிம்பில் ஒரு மடல் இருக்கும், அது ஐலிரான். வலது பக்கம் சாய வேண்டுமானால் வலது ஐலிரான் மேலே போகும், இடது ஐலிரான் கீழே இறங்கும். நீங்க பார்த்த தகடுகள் ஸ்பாய்லர். ஏ320-ல் ஒரு இறக்கைக்கு ஐந்து. உடலை ஒட்டிய ஒன்றை விட்டுவிட்டு மற்ற நான்கும் சாய்வதற்கு உதவும், அதுவும் தாழ வேண்டிய இறக்கையில் மட்டும். தகடு எழுந்தால் அந்த இறக்கையைத் தூக்கும் விசை குறையும், இறக்கை தாழும்.

உடனே படிந்தது ஏன் என்பதுதான் முக்கியம். சாய்வை உண்டாக்கத்தான் அந்த உந்துதல் வேண்டும். 25 டிகிரி வந்ததும் மடலும் தகடும் ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்பும், விமானம் அந்தச் சாய்விலேயே நிற்கும். நிமிரும்போது இதே வேலை இடது இறக்கையில் நடந்திருக்கும். அந்த அக்கா அப்போது வெளியே பார்த்திருந்தால் அவங்க பக்கத் தகடு எழுந்திருக்கும்.

கரையோரம்
அண்ணே, திரும்புவது வாலில் இருக்கிற ரட்டரால்தானே? படகுக்குச் சுக்கான் மாதிரி. சாய்வது அதன் பின்விளைவு.

ரிவெட்
பாதி சரி தம்பி. ரட்டர் மூக்கை இடமோ வலமோ ஆட்டும். அதுக்குப் பெயர்தான் யா. ஆனால் மூக்கு திரும்பினாலும் விமானம் கொஞ்ச நேரம் பழைய பாதையிலேயே பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும், உள்ளே இருப்பவர்கள் ஓரமாகத் தள்ளப்படுவார்கள். பாதை வளைவதற்கு ஒரு பக்கமாக இழுக்கிற விசை வேண்டும், அது இறக்கையிடம்தான் இருக்கிறது. இறக்கை நேராக இருந்தால் தூக்கு விசை முழுவதும் மேல்நோக்கி இருக்கும். சாய்ந்தால் அதில் ஒரு பங்கு பக்கவாட்டில் இழுக்கும், அதுதான் வளைக்கிறது.

அப்போது மேல்நோக்கிய பங்கு குறையுமே, அதை ஈடுகட்ட மூக்கைச் சற்று உயர்த்த வேண்டும். இங்கேதான் பிட்ச் வருகிறது. ஏ320-ல் 33 டிகிரி சாய்வு வரை கணினியே இதைச் செய்துவிடும், விமானி ஸ்டிக்கைப் பின்னால் இழுக்க வேண்டாம்.

ஸ்பாய்லருக்கு இன்னொரு பயனும் உண்டு. மேலே எழும் இறக்கையில் ஐலிரான் கீழே இறங்குவதால் அந்தப் பக்கம் காற்றின் இழுவை கூடும், மூக்கு தப்பான பக்கம் போகப் பார்க்கும். தாழும் இறக்கையில் எழுகிற தகடு எதிர்ப்பக்கம் இழுவை கொடுத்து அதைக் குறைக்கும். மீதியை ரட்டர் தானாகச் சரிசெய்யும். எனக்கு இந்த ஏற்பாடு மேல் தனிப் பிரியம்.

கணக்குப்பிள்ளை
அந்தத் திருப்பத்தைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். கிழக்கு-வடகிழக்காக ஏறி மதுரைப் பக்கம் திரும்ப ஏறத்தாழ 140 டிகிரி வளைய வேண்டும். காற்றில் வேகம் 220 நாட், அதாவது மணிக்கு 407 கி.மீ., சாய்வு 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வளைவின் ஆரம் 2.8 கி.மீ. வரும். வினாடிக்கு 2.3 டிகிரிதான் திரும்பும். ஒரே மூச்சில் திரும்பினாலும் ஒரு நிமிடம் ஆகும்.

எடை பத்து விழுக்காடு கூடும். 70 கிலோ ஆள் 77 கிலோவாக இருக்கையில் அழுந்துவார், ஆனால் நேர் கீழே. கொல்லிமலை வளைவில் பேருந்து நம்மைக் கதவுப் பக்கம் தள்ளுவது போல் இங்கே தள்ளாது. தட்டு மேல் இருக்கும் தண்ணீரைப் பாருங்கள், நீர்மட்டம் தட்டுக்கு இணையாகவே நிற்கும், வெளியே அடிவானம் மட்டும் சரிந்திருக்கும். பாப் ஹூவர் என்ற அமெரிக்க விமானி விமானத்தை முழுதாக உருட்டிக்கொண்டே தேநீர் ஊற்றிக் காட்டியவர். அதுவும் இதே கணக்குதான்.

மல்லிகா
என் அம்மாவுக்குத் தலைசுற்றல் உண்டு. எந்த இருக்கை போடலாம் என்று கேட்டால் நல்லதா இங்கே?

ரிவெட்
கேள்வி வேறதான், ஆனால் தொடர்பு இருக்குங்க மேடம். விமானம் அதன் எடை மையத்தைச் சுற்றித்தான் ஆடும். அது இறக்கை பக்கம் இருக்கும். மூக்கு ஏறி இறங்கினாலும் இடவலமாக ஆடினாலும் கடைசி வரிசைக்கு வீச்சு அதிகம். இறக்கையை ஒட்டிய வரிசை போடுங்க. திரும்பும்போது சட்டென்று தலையைத் திருப்ப வேண்டாம்னு சொல்லுங்க. மருந்து விஷயம் டாக்டரிடம்.

கணக்குப்பிள்ளை
காதைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். திருப்பம் ஒரே சீராக 20 வினாடி போல நீடித்தால் உட்காதில் இருக்கும் திரவமும் கூடவே சுழன்று, திரும்புகிறோம் என்ற உணர்வு மறைந்துவிடும். நிமிரும்போது எதிர்ப்பக்கம் சாய்வதாகத் தோன்றும். அந்த ஒரு நிமிடத் திருப்பத்தில் கண்ணை மூடியிருந்தால் பாதிக்கு மேல் நேராகப் போவதாகத்தான் நினைப்பீர்கள். மேகத்துக்குள் விமானி உடம்பை நம்பாமல் கருவியைப் பார்ப்பது இதனால்தான்.

கரையோரம்
அப்போ பயணிக்கு யா மட்டும் தனியாகத் தெரியவே தெரியாதா?

ரிவெட்
தெரியும், பக்கக்காற்றில் இறங்கும்போது. வலமிருந்து 20 நாட் காற்று, விமானத்தின் வேகம் 140 நாட் என்றால், ஓடுபாதைக்கு நேராக வர மூக்கை எட்டு டிகிரி வலப்பக்கம் வைத்துக்கொண்டு வர வேண்டும். சன்னல் வழியே பார்த்தால் ஓரமாக நடந்து வருகிற நண்டு மாதிரி இருக்கும். தரை தொடும் முன் விமானி இடது பெடலை அழுத்தி மூக்கை நேராக்குவார். வால் ஒரு உதறு உதறுவது அப்போதுதான்.

அதே நொடியில் வலது இறக்கை முன்னோக்கி வீசப்படுவதால் அதன் தூக்கு விசை கூடும், விமானம் இடப்பக்கம் உருளப் பார்க்கும். அதனால் வலப்பக்கம் ஸ்டிக் கொடுத்து அந்த இறக்கையை அடக்க வேண்டும். யாவைத் தொட்டால் ரோலும் கூடவே வரும்.

கடைசிவரிசை
31-ஆவது வரிசையில் இருந்தபோது, பெல்ட் விளக்கு எரியாத அமைதியான உயரத்தில், வால் மீன் மாதிரி இடவலமாக ஆடியது. இரண்டு நிமிடம் இருக்கும். அதுதான் டச் ரோலா?

ரிவெட்
ஆட்டம் தாளம் தவறாமல், ஒரு சுற்றுக்குச் சில வினாடி எடுத்து, இறக்கை நுனியும் கூடவே மெல்லச் சுழன்றதென்றால் அப்படிச் சொல்லலாம். அதை அடக்கத்தான் யா டேம்பர் ரட்டரைச் சின்னச் சின்னதாக அசைத்துக்கொண்டே இருக்கிறது. ஒழுங்கில்லாமல் வந்தது என்றால் லேசான காற்றுக் கொந்தளிப்பு. இறக்கை நுனி கண்ணில் பட்டதா?

கடைசிவரிசை
இல்லை. நடு இருக்கை, சன்னல் திரையும் மூடியிருந்தது.

கணக்குப்பிள்ளை
மூடிய திரையோடு உட்கார்ந்து பிரித்துச் சொல்வது கடினம். அடுத்த முறை ஆட்டம் ஒரு பக்கம் போய் மறுபடி அதே பக்கம் வர எத்தனை வினாடி என்று பத்துச் சுற்று எண்ணி எழுதி வையுங்கள். பத்தும் ஒரே அளவில் வந்தால் மறுபடி பேசலாம்.